பங்கு வைப்பதும் மீந்ததைப் போடுவதும்

கேள்வி: நான் மேலூர்ப் பக்கத்தைச் சேர்ந்தவன். துபாயில் கட்டட வேலை பார்க்கும் ஒருவர், தொழிலாளர்கள் தங்கும் கேம்ப் வாசலுக்கு வரும் தெருப்பூனையோடு தன் சாப்பாட்டைப் பங்கிட்டுக்கொள்வதாக ஒரு சிறுகதை எழுதி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். படித்தவர்கள், "உருக்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒட்டவில்லை" என்கிறார்கள். நான் வெளிநாடு போனதில்லை. எந்த இடத்தில் தவறுகிறது?

பதில்:

உங்கள் கதை தவறுகிற இடம் மூன்றாம் பத்தியில் வரும் சாம்பார்ச் சோறு. அதைத் திருத்தப் புகுந்தால் மற்றவை பெரும்பாலும் தாமாகவே திருந்திவிடும் என்று நினைக்கிறேன். நான் 2011 முதல் 2019 வரை துபாயில், கான்கிரீட் வார்ப்பதற்குப் பலகை அடிக்கும் ஷட்டரிங் கார்பெண்டராக இருந்தவன். முஹைஸ்னா என்று பலகையில் எழுதியிருந்தாலும் எல்லோரும் சோனாப்பூர் என்றே அழைக்கும் பகுதியில் தங்கியிருந்து, அங்கே ஒரு பூனைக்கு நான்கு ஆண்டுகளுக்கு மேல் சோறு வைத்தவன். ஊருக்குத் திரும்பியபின் உசிலம்பட்டியில் எங்கள் வாசகர் வட்டத்தில் கதைகளைப் படித்துப் பேசிவருகிறேன். எனவே இதை இரண்டு பக்கத்திலிருந்தும் சொல்ல முடியும்.

உங்கள் நாயகர் சாப்பிட்டு முடித்து, தட்டில் மீந்த சாம்பார்ச் சோற்றைப் பூனைக்கு வழித்துப் போடுகிறார். பூனை நக்கித் தின்றுவிட்டு நன்றியோடு பார்க்கிறது. சாம்பாரில் வெங்காயம் இருக்கிறது, தாளிப்பில் பூண்டும் இருக்கக்கூடும். இவை இரண்டும் பூனையின் இரத்தத்தில் உள்ள சிவப்பணுக்களை உடைக்கக் கூடியவை. சமைத்தாலும் அந்தத் தன்மை போவதில்லை, தொடர்ந்து கொடுத்தால் பூனைக்குச் சோகை பிடிக்கும். சோர்ந்து ஒரே இடத்தில் கிடப்பது, ஈறு வெளுத்துப்போவது, சிறுநீர் பழுப்பாவது ஆகியவை அதன் அடையாளங்கள். பூனை முழுக்கப் புலால் உண்ணும் பிராணி. சோறு அதன் வயிற்றை நிரப்பலாம். ஆனால் இறைச்சியிலும் மீனிலும் உள்ள சில சத்துகள் இல்லாமல் சோற்றை மட்டுமே தின்று வாழும் பூனைக்கு நாளடைவில் கண்ணும் இதயமும் கெடும். இதையெல்லாம் கதைக்குள் எழுதச் சொல்லவில்லை. இந்த உண்மை உங்கள் நாயகரின் கையை எங்கே கொண்டுபோய் வைக்கிறது என்பதைப் பாருங்கள். பூனைக்கு ஏதாவது கொடுக்க வேண்டுமானால், குழம்பு கூட்டுவதற்கு முன்பே அவர் அதை எடுத்துத் தனியே வைத்தாக வேண்டும். அப்படியானால் பங்கிடுதல் சாப்பாட்டின் முடிவில் நடப்பதில்லை, சமையலின் தொடக்கத்திலேயே நடந்துவிடுகிறது. தட்டை வழித்துப் போடுகிறவர் இரக்கமுள்ளவராக இருக்கலாம். ஆனால் அவர் எதையும் பங்கிடவில்லை, கழுவ வேண்டிய தட்டைச் சுத்தம் செய்கிறார். உங்கள் தலைப்பில் 'பங்கு' என்ற சொல் இருக்கிறது, கதைக்குள் அது இல்லை. வாசகருக்குக் காரணம் தெரியாவிட்டாலும் இந்த இடைவெளி தட்டுப்படுகிறது.

நம் ஊரில் இதற்கு ஒரு பழக்கம் ஏற்கெனவே உண்டு. அமாவாசை அன்று காக்கைக்கு வைக்கும் சோற்றை, வீட்டில் யாரும் வாய் வைப்பதற்கு முன், எச்சில் படாமல் எடுத்து வைப்பார்கள்; காக்கை எடுத்தபிறகுதான் இலை போடுவார்கள். உங்கள் நாயகர் மேலூரில் வளர்ந்தவர் என்றால் இது அவர் கைக்குப் பழகிய செயல். கதையில் அவர் சாப்பிடும்போதெல்லாம் மல்லிகைப் பூவும் மீனாட்சியம்மன் கோவில் கோபுரமும் நினைவுக்கு வருவதாக எழுதியிருக்கிறீர்கள். மதுரையைப் பார்க்காதவர்கூட எழுதக்கூடிய நினைவுகள் அவை. ஒரு கேம்ப் சமையலறையில் மீன் கழுவிக்கொண்டிருப்பவருக்கு, அம்மா வீட்டுக்குப் பின்னால் அரிவாள்மணையில் உட்கார்ந்து கெண்டை அரிந்ததும், சுற்றிலும் பூனைகள் குந்தியிருந்ததும், தலையையும் செதிலையும் அம்மா திரும்பிப் பாராமலே வீசியதும் நினைவுக்கு வரும். அயிரை வாங்கிய நாளில் அந்தப் பூனைகளுக்கு ஒன்றும் கிடைக்காது, ஏனெனில் அயிரையைத் தலையோடு முழுசாகத்தான் குழம்பில் போடுவோம். இப்படி ஒரு நினைவு இருந்தால், வீசியதைத் தின்ற ஊர்ப் பூனைக்கும் எடுத்து வைத்ததைத் தின்னும் கேம்ப் பூனைக்கும் உள்ள வேறுபாட்டை நீங்கள் ஒரு சொல்லும் விளக்காமலே வாசகர் பார்த்துவிடுவார்.

அடுத்ததாக, அவருடைய சாப்பாடு எங்கிருந்து வருகிறது என்று நீங்கள் முடிவுசெய்யவில்லை. ஒரு பக்கத்தில் அவரே சமைக்கிறார், இன்னொரு பக்கத்தில் வரிசையில் நின்று வாங்குகிறார். கேம்ப்களில் இரண்டு ஏற்பாடுகளும் உண்டு, ஆனால் பெரும்பாலும் ஒருவருக்கு ஏதேனும் ஒன்றுதான். கம்பெனியே கேட்டரிங் வைத்துச் சாப்பாடு போட்டால் எல்லாமே குழம்பில் ஊறித்தான் கைக்கு வரும். அங்கே ஒருவர் செய்யக்கூடியது, கோழித் துண்டொன்றைக் குழாயடிக்குக் கொண்டுபோய் உள்ளங்கையில் வைத்து மசாலாவைக் கழுவுவது மட்டுமே. அது முழுதாகப் போகாது என்றாலும், இருபது பேர் கை கழுவ நிற்கும் குழாயில் ஒருவர் கறித்துண்டைக் கழுவிக்கொண்டு நிற்பது எழுதத் தகுந்த காட்சி. கேட்டரிங் இல்லையென்றால் ரூம் மெஸ். நீங்கள் மெஸ்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் அங்கேதான் ஒவ்வொரு துண்டுக்கும் கணக்கு இருக்கிறது.

எங்கள் அறையில் 8 பேர். மாதம் தலைக்கு 200 முதல் 250 திர்ஹம் வரை போட்டு, பக்காலா என்கிற மளிகைக் கடையில் கணக்கு வைத்து அரிசியும் எண்ணெயும் எடுப்போம். முறை வைத்து இருவர் இருவராகச் சமைப்போம். சமையலறை பொதுவானது, ஒரு நேரத்தில் ஓர் அறைக்கு ஓர் அடுப்புதான் கிடைக்கும், பின்னால் அடுத்த அறைக்காரர்கள் காத்திருப்பார்கள். மலிவாகக் கிடைக்கும் மீன் மத்தி. ஒரு கிலோ வாங்கினால் ஏறக்குறைய 16 தேறும், ஆளுக்கு 2. பூனைக்கு என்று ஒரு மீனை எடுத்தால் அது யாருடைய மீன் என்ற கேள்வி உடனே எழும். மெஸ் பணத்தில் எட்டில் ஒரு பங்குதான் அவருடையது என்பதால், பொதுச் சட்டியில் அவர் கை வைக்க முடியாது. அவருடைய இரண்டில் ஒன்றை, "இதை என் கணக்கில் வையுங்கள்" என்று சொல்லித்தான் எடுக்க வேண்டும். மீன் ஆயும்போது விழும் தலையும் குடலும் யாருக்கும் வேண்டாதவை. அவற்றைப் போடுவதற்கு எவரும் மறுப்புச் சொல்லமாட்டார்கள், ஆனால் அதைப் பங்கு என்றும் சொல்ல முடியாது.

எடுத்த மீனை வேகவைப்பதும் எளிதன்று. சோற்று உலையில் போட்டால் எட்டுப் பேர் சோறும் கவிச்சி அடிக்கும். டீச்சட்டியில் போட்டால் காலை டீ அடிக்கும். நான் கண்ட வழி, காலியான பால் பவுடர் டின் ஒன்றைத் தேய்த்து எடுத்து, அதில் உப்பும் மஞ்சளும் இல்லாமல் வெறும் தண்ணீரில் மீனை வேகவைத்தது. குழம்பு இறக்கியபின் அடுப்பு அணைவதற்கு முன் கிடைக்கும் நாலைந்து நிமிடம் அதற்குப் போதும். ஆறியதும் நடுமுள்ளை உருவிவிட்டு, விரலால் உதிர்த்து, தங்கிய சிறு முள்ளைத் தடவிப் பார்த்து எடுக்க வேண்டும்; வெந்த முள் தொண்டையில் குத்தி நிற்கும். பகல் முழுவதும் பலகை அறைந்து காய்ப்பேறிய விரலுக்கு அந்த முள் எளிதில் தட்டுப்படாது. நான் மேலுதட்டில் வைத்துப் பார்ப்பேன். உங்கள் கதையில் அவருடைய தனிமையைப் பற்றி இரண்டு பத்திகள் இருக்கின்றன. அவற்றை எடுத்துவிட்டு, இந்த முள் பார்க்கும் வேலையை ஒரு பத்தியாக எழுதிப் பாருங்கள்.

பால் வைப்பதாகவும் ஒரு காட்சி எழுதியிருக்கிறீர்கள். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதில்லை, கழிச்சல் வரும். கோடையில் அதற்கு வேண்டியது தண்ணீர்தான். ஏசியிலிருந்து வெளியே சொட்டும் நீரை அங்கே பூனைகள் நக்கிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம்; எங்கள் பூனையை நான் முதலில் கண்டதும் அப்படி ஒரு சொட்டின் கீழேதான். பூனையின் இடது காது நுனி நேராக வெட்டுப்பட்டிருந்ததாக அழகாகக் கவனித்து எழுதியிருக்கிறீர்கள், யாரோ படம் காட்டியிருக்க வேண்டும். ஆனால் அந்த நேரான வெட்டு, பிடித்துக் கருத்தடை செய்து திரும்ப விடப்பட்ட பூனைக்கு வைக்கும் அடையாளம். எனவே கதையின் நடுவில் அது குட்டி போட முடியாது. காதை வைத்துக்கொண்டு குட்டிகளை விட்டுவிடுவது நல்லது என்பது என் கருத்து. குட்டிகள் வந்ததும் கதை இளகிவிடுகிறது.

இனி நேரம். அவர் ஏன் பூனையோடு சாப்பிடுகிறார், அறைக்காரர்களோடு ஏன் சாப்பிடவில்லை என்ற கேள்விக்கு உங்கள் கதையில் விடை இல்லை, "யாரும் அவரைப் புரிந்துகொள்ளவில்லை" என்று மட்டும் இருக்கிறது. உண்மையான விடை கடிகாரத்தில் இருக்கிறது. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்பது அங்கே சட்டம். அந்த மாதங்களில் விடியும் முன்பே வேலைக்குப் போய், மதிய ஓய்வுக்குப் பின் மறுபடி ஏறி, பேருந்தில் கேம்ப் வந்துசேரும்போது இருட்டத் தொடங்கியிருக்கும். குளித்து, அடுப்புக்குக் காத்திருந்து, சமைத்து முடிக்க இரவு 9 மணி. அப்போது மேலூரில் பத்தரை. பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள். வாட்ஸ்அப் அழைப்பு அங்கே போகாது என்பதால் போட்டிம் போன்ற செயலியில் கூப்பிட்டால், மனைவி விளக்கை அணைத்துவிட்டுத் திண்ணைக்கு வந்து தணிந்த குரலில் பேசுவார். அறைக்குள் மற்ற ஏழு பேரும் ஆளுக்கொரு கட்டிலில் செய்தித்தாளை விரித்து, எதிரே கைப்பேசியைச் சாய்த்து வைத்து, அவரவர் வீட்டோடு சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். யாரும் யாரையும் ஒதுக்கவில்லை. அந்த நேரம் அப்படி அமைந்துவிடுகிறது. இவர் பேசுவதற்காக வெளிப்படிக்கு வருகிறார், அங்கே பூனை இருக்கிறது.

அவர் எழுந்து போகாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதற்கும் காரணம் வேண்டும். கேம்ப்பில் பூனைகளுக்கு உணவிடக் கூடாது என்று பலகை வைத்திருப்பார்கள். மீதி கிடந்தால் எறும்பும் எலியும் வரும், கேம்ப் பாஸ் கேட்பார். கோடை இரவின் புழுக்கத்தில் மீன் ஓரிரு மணி நேரத்தில் நாறிவிடும். ஆகவே வைத்தவர் அது தின்று முடிக்கும்வரை இருந்து, டின்னை எடுத்துக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். பூனை நிதானமாகத்தான் தின்னும். அந்தக் கால் மணி நேரத்தில் அவரும் தன் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டுவிடுகிறார். இருவரும் சேர்ந்து உண்பது இப்படித்தான் தொடங்குகிறது, பாசத்தால் தொடங்குவதில்லை. பாசம் பிறகு வரும், அதை நீங்கள் சொல்லவும் வேண்டியதில்லை. மலையாளி 'பூச்ச' என்பார், உத்தரப்பிரதேசத்துக்காரர் 'பில்லி' என்பார், நான் 'பூசு' என்றேன். அது திரும்பியது டின்னைத் தரையில் வைக்கும் ஓசைக்கு மட்டுமே.

அந்தப் படிக்கட்டுக் காட்சியை இப்படி எழுதலாம் என்று காட்டுகிறேன், சொற்களை நீங்கள் மாற்றிக்கொள்ளுங்கள்.

"ஏங்க, பக்கத்துல யாரு?" என்று திரைக்குள்ளிருந்து அவள் கேட்டாள். அவன் கைப்பேசியைத் திருப்பிக் காட்டினான். இருட்டில் இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன. "ஆத்தாகிட்ட சொல்லாதீக, சகுனம்பாக" என்றாள். ஆனால் பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது, அவள் இன்னும் தூங்கியிருக்கவில்லை. "வாசலுக்கு வந்த சீவன்ல. அதுக்கும் சேத்து ஒல வையப்பா."

இதற்குமேல் அந்தக் காட்சியில் ஒரு வரியும் சேர்க்காதீர்கள்.

கதையின் மையமாக நீங்கள் வைத்திருப்பது பூனை வாகனத்தில் அடிபடுவது. அதற்குப் பதிலாக நான் பரிந்துரைப்பது, சம்பளம் வராத மாதம். எங்களுக்கு அது 2016-இல் நேர்ந்தது. நாங்கள் வேலை பார்த்த இடத்தில் இரண்டு மாதச் சம்பளம் தள்ளிப்போனது. பக்காலாக்காரர் முதல் மாதம் பொறுத்தார், இரண்டாம் மாதம் பற்றைக் குறைத்துக்கொண்டார். முதலில் மீன் நின்றது, பிறகு கோழி நின்றது. பருப்பும் குபூஸ் ரொட்டியும், ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆளுக்கொரு அவித்த முட்டையும் என்று மெஸ் சுருங்கியது. பூனை வழக்கம்போல் ஒன்பது மணிக்குப் படியில் உட்கார்ந்திருந்தது. அதற்குச் சம்பளத் தேதி தெரியாது. பருப்பில் பூண்டு, குபூசை அது முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. முட்டையை நான் இரண்டாகக் கீறி, மஞ்சள் கரு பெரிதாக இருந்த பாதியை டின்னில் வைத்தேன். மறுநாள் முட்டை இல்லாத நாள். அன்று நான் படிக்குப் போகவில்லை. அறைக்குள் கட்டிலில் உட்கார்ந்து சாப்பிட்டேன், கதவுக்கு வெளியே அது இருக்கிறது என்று தெரிந்தும். அடுத்த நாள் முட்டையைக் கொண்டுபோனபோது அது வந்து தின்றது, முந்தைய நாள் நடந்தது எதுவும் அதன் முகத்தில் இல்லை. இன்றுவரை எனக்கு உறுத்துவது அந்த ஒரு நாள்தான், பாதி முட்டையைக் கொடுத்த நாட்கள் அல்ல.

இதை உங்கள் நாயகருக்குக் கொடுத்தால் அவர் நல்லவராக மட்டும் நிற்காமல் மனிதராகவும் நிற்பார். இப்போதுள்ள வடிவத்தில் அவர் பட்டினி கிடந்து முழுச் சாப்பாட்டையும் பூனைக்கு வைக்கிறார். நாற்பது டிகிரிக்கு மேலான வெயிலில் மறுநாள் பலகை தூக்க வேண்டியவர் அப்படிச் செய்தால் மயங்கி விழுவார், உடன் வேலை செய்பவரையும் ஆபத்தில் தள்ளுவார். அங்கே வயிற்றை ஏமாற்றுவதற்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்குள் எவ்வளவு கிள்ளிக் கொடுக்க முடியும் என்பதுதான் கதை. பாதி முட்டை என்பது அந்த எல்லை. ஊரில் நூற்றுக்கு மூன்று வட்டியில் வாங்கிய கடன் இருப்பதை முதல் பக்கத்திலேயே சொல்லிவிட்டீர்கள் அல்லவா, அந்தக் கணக்கு இந்த முட்டையில் வந்து முட்ட வேண்டும்.

முடிவைப் பற்றி. அவர் ஊருக்குக் கிளம்புகிறார், பூனை பேருந்துக்குப் பின்னால் ஓடி வருகிறது, அதன் கண்ணில் நீர் வழிகிறது. பூனை துக்கத்தால் கண்ணீர் விடுவதில்லை. கண்ணில் நீர் வழிந்தால் அது சளியோ கண்நோயோ. அது ஓடியும் வராது, சோறு கிடைத்த படியை விட்டு அதிகத் தொலைவு போகாது. கேம்ப்பில் ஒருவர் ஊருக்குப் போகும்போது நடப்பது ஒப்படைப்பு. கட்டிலை ஒருவருக்கு, கம்பளியை ஒருவருக்கு, ரைஸ் குக்கரைப் பாதி விலைக்கு ஒருவருக்கு என்று கடைசி வாரம் முழுவதும் அது நடக்கும். பூனையும் அதில் ஒன்று. 2019-இல் நான் கிளம்பும்போது பக்கத்துக் கட்டிலில் இருந்த பாலக்காட்டுக்காரரிடம் பால் பவுடர் டின்னைக் கழுவித் துடைத்துக் கொடுத்தேன். வெங்காயம் படக்கூடாது, நடுமுள்ளை உருவியபின் சிறுமுள்ளை உதட்டில் வைத்துப் பார்க்க வேண்டும், தின்று முடிக்கும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும் என்று மூன்றையும் சொன்னேன். அவர் ஏற்கெனவே எல்லாம் பார்த்து வைத்திருந்தார், ஆனாலும் முதல்முறை கேட்பவர்போலத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

முதல் நாள் அவர் வைத்ததைப் பூனை தொடவில்லை. இரண்டாம் நாள் அவர் உள்ளே போவதுபோல் போக்குக் காட்டியபின் பாதி தின்றது. நான் ஊருக்கு வந்த மூன்றாம் நாள் இரவு பத்தரை மணிக்கு, உசிலம்பட்டியில் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது, டின்னின் அடிப்பகுதி தெரியும்படி எடுத்த படமொன்றை அவர் அனுப்பியிருந்தார்.